மருத்துவ ஆய்வுத் தகவல் தாள்: கையெழுத்துப் போடுவதற்கு முன் எதை எப்படி வாசிப்பது?

சர்க்கரை நோய்க்கான புது மாத்திரை ஒன்றைச் சோதிக்கும் ஆய்வு. தகவல் தாள் தமிழில் 14 பக்கம். அந்த அம்மா நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "எங்க தாயி கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார்.

மதுரைப் பக்கம் இட்லிக் கடை வைத்திருப்பவர். வயது 54. எட்டு வருடமாக சுகர். ஆய்வில் ஆட்களுக்கு விவரம் சொல்லி, தேதி பார்த்து வரவழைத்து, எல்லாவற்றையும் எழுதி வைக்கும் கோஆர்டினேட்டர் வேலை என்னுடையது. பதினோரு வருடமாக இதைச் செய்கிறேன். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் முதலில் கேட்பது கையெழுத்துப் போடும் இடத்தைத்தான். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் ஆய்வின் சில விவரங்களையும் மாற்றிவிட்டு, அன்று அவருக்கு அந்தத் தாளை எப்படி விளக்கினேன் என்பதை இங்கே சொல்கிறேன். உங்கள் கையிலோ உங்கள் வீட்டில் ஒருவர் கையிலோ இப்படி ஒரு தாள் வந்தால் உதவும்.

"மொதல்ல படிங்கம்மா, அப்புறம் போடலாம்" என்றேன். "டாக்டர் எனக்குக் கெடுதலா குடுப்பாரு? அவருக்குத் தெரியாததா?" என்றார். தாளின் மொத்தச் சிக்கலும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

வழக்கமான சிகிச்சையில் டாக்டர் உங்களைப் பார்த்து, உங்களுக்கு எது சரிப்படும் என்று யோசித்து மருந்து எழுதுகிறார். இந்த மாதிரி ஆய்வில் அப்படி இல்லை. யாருக்கு எந்த மாத்திரை என்பதை ஒரு கம்ப்யூட்டர் குலுக்கல் முறையில் தீர்மானிக்கிறது. டாக்டர் நினைத்தாலும் மாற்ற முடியாது. உங்களுக்கு எது போயிருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. தாளில் இது "சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு", "இருபுறமும் மறைக்கப்பட்ட ஆய்வு" என்று அச்சாகியிருக்கும். கண் அந்த வார்த்தைகளைத் தாண்டி ஓடிவிடும். நான் அந்த வரியில் விரலை வைத்து, "இது சீட்டுக் குலுக்குற மாதிரிம்மா. டாக்டர் தேர்ந்தெடுக்கிறது இல்ல" என்றேன். அப்போதுதான் அவர் தாளை மேசையில் வைத்துவிட்டுச் சரியாக உட்கார்ந்தார்.

வெற்று மாத்திரை எதற்கு?

அந்த ஆய்வில் மூன்று பேர் சேர்ந்தால் இரண்டு பேருக்குப் புது மாத்திரை, ஒருவருக்கு மருந்துப்போலி. பிளசிபோ என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். எங்கள் பக்கம் வெத்து மாத்திரை என்றால் உடனே புரியும். அதே நிறம், அதே அளவு, அதே அட்டை. உள்ளே மருந்து மட்டும் இருக்காது.

"வெத்து மாத்திரைய வெச்சு ஏமாத்துறதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் மூன்றில் ஒருவருக்கு வெற்று மாத்திரைதான் என்று முன்கூட்டியே சொல்லி, நீங்கள் சம்மதித்த பிறகு கொடுத்தால் அது ஏமாற்று ஆகாது. சொல்லாமல் கொடுத்தால் ஏமாற்று. இந்த ஒரு காரணத்துக்காகவே தாளில் மருந்துப்போலி பற்றிய பத்தி இருந்தே ஆக வேண்டும்.

அடுத்து, அது ஏன் தேவைப்படுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். மூன்று மாதச் சராசரி சர்க்கரை என்று ஒரு பரிசோதனை உண்டு. ரிப்போர்ட்டில் எச்பிஏ1சி என்று வரும். ஆய்வில் சேரும்போது எல்லோருக்கும் அது 8.4 என்று வைத்துக்கொள்வோம். 24 வாரம் கழித்துப் புது மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 7.5-க்கு வந்துவிட்டது. 0.9 குறைந்திருக்கிறது, நல்ல மருந்துதான் என்று தோன்றும். ஆனால் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் 8.4 என்பது 8.1 ஆகியிருக்கும். ஒன்றுமில்லாத மாத்திரையில் எப்படிக் குறைந்தது? மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். யாரோ ஒருவர் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறார். பழைய மாத்திரையை விடாமல் போடுகிறார்கள். கொஞ்சம் நடக்கிறார்கள். அந்த 0.3 இப்படி வந்தது. அதைக் கழித்தால் புது மருந்தின் சொந்த வேலை 0.6 மட்டுமே. வெற்று மாத்திரைக் குழு இல்லாவிட்டால் இந்தக் கழித்தலைச் செய்யவே முடியாது.

பக்க விளைவிலும் இதே கணக்குத்தான். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2020-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிட்ட 60 பேரைச் சேர்த்து, ஒரு வருடத்தில் நான்கு மாதம் ஸ்டாட்டின், நான்கு மாதம் வெற்று மாத்திரை, நான்கு மாதம் எதுவுமே இல்லை என்று மாதத்துக்கு மாதம் மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டின் மாதங்களில் கூடுதலாக வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதங்களிலும் வந்தது. வலி பொய் இல்லை, உண்மையாகவே வலித்திருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதிக்குக் காரணம் மருந்து இல்லை, மாத்திரை போடுகிறோம் என்ற நினைப்பு. அதனால் தகவல் தாளில் பக்க விளைவுப் பட்டியலைப் பார்க்கும்போது பக்கத்தில் மருந்துப்போலிக்கான எண்ணையும் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். "தலைவலி 100-ல் 8 பேர்" என்பது பயமுறுத்தும். வெற்று மாத்திரையிலும் 100-ல் 7 பேருக்குத் தலைவலி என்றால் பயப்பட அதில் அதிகம் இல்லை.

வெற்று மாத்திரைக்கு ஆபத்தே இல்லையா? இருக்கிறது. ஆனால் பல தாள்களில் அது "ஆபத்துகள்" என்ற தலைப்பின் கீழ் வராமல் வேறெங்கோ ஒளிந்திருக்கும். எனக்கு இதில் நெடுநாள் கோபம். ஆறு மாதம் கூடுதல் மருந்து கிடைக்காமல் சர்க்கரை ஏறியே இருந்தால் அதுவும் கெடுதல்தானே? இதற்காக நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு.

முதலாவது, இப்போது சாப்பிடும் மாத்திரை தொடருமா? அந்த அம்மாவின் ஆய்வில் தொடரும். இரண்டு குழுவினருக்கும் மெட்ஃபார்மின் உண்டு. புது மாத்திரையோ வெற்று மாத்திரையோ அதற்கு மேல் ஒன்று, அவ்வளவுதான். இருக்கிற மருந்தை நிறுத்திவிட்டு வெற்று மாத்திரை மட்டும் தருகிற ஆய்வு என்றால் இன்னும் நிறையக் கேள்வி கேட்க வேண்டும்.

இரண்டாவது, சர்க்கரை எவ்வளவு ஏறினால் தலையிடுவீர்கள்? இந்த வகை ஆய்வுகளில் வழக்கமாக ஒரு கோடு போட்டிருப்பார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை முதல் ஆறு வாரத்தில் 270-ஐத் தாண்டினாலோ, 12 வாரம் வரை 240-ஐத் தாண்டினாலோ, அதன் பிறகு 200-ஐத் தாண்டினாலோ, எந்தக் குழுவில் இருந்தாலும் தெரிந்த மருந்து ஒன்றைக் கூடுதலாகக் கொடுத்துவிடுவார்கள். தாளில் இது "மீட்பு சிகிச்சை" என்று இருக்கும். அந்தப் பெயர் யாருக்கும் புரியாது. எண்ணைக் கேட்டு வாங்கித் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபத்துப் பக்கம்

அந்த அம்மா ஏழாம் பக்கத்தில் ஒரு வரியைக் காட்டினார். "பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்று: பொதுவானது." "எல்லாருக்கும் வருமா?" என்று கேட்டார். பொது என்றால் எல்லோருக்கும் என்றுதானே நாம் பேசுகிறோம். மருந்துத் தாளில் அதற்கு வேறு கணக்கு. "மிகப் பொதுவானது" என்றால் பத்தில் ஒருவருக்கோ அதற்கு மேலோ. "பொதுவானது" என்றால் நூறில் ஒருவர் முதல் பத்துப் பேர் வரை. "அரிதானது" என்றால் பத்தாயிரத்தில் ஒருவர் முதல் பத்துப் பேர் வரை. நான் கல்யாண மண்டபக் கணக்கில் சொல்வேன். ஒரு மண்டபத்தில் ஆயிரம் பேர் சாப்பிடுகிறார்கள். "பொதுவானது" என்றால் அந்த ஒரு மண்டபத்தில் பத்திலிருந்து நூறு பேருக்கு வரும். "அரிது" என்றால் அப்படிப் பத்து மண்டபத்தைச் சேர்த்து எண்ணினால்தான் ஒருவரோ சிலரோ அகப்படுவார்கள்.

அதே பக்கத்தில் இன்னொரு வரி: "இதுவரை இம்மருந்தை எடுத்துக்கொண்ட 900 பேரில் யாருக்கும் கீட்டோஅசிடோசிஸ் ஏற்படவில்லை." கீட்டோஅசிடோசிஸ் என்பது ரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிடும் ஆபத்து. அந்த வரியைப் படித்தால் நிம்மதியாக இருக்கும். ஆனால் "யாருக்கும் வரவில்லை" என்பதை "வராது" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. எத்தனை பேரிடம் பார்த்தார்களோ அந்த எண்ணை மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள். 900-ஐ மூன்றால் வகுத்தால் 300. அதாவது உண்மையில் 300 பேரில் ஒருவருக்கு வரக்கூடிய ஆபத்தாக இருந்தாலும், முதல் 900 பேரில் அது கண்ணில் படாமல் போயிருக்க வாய்ப்பு உண்டு. 30 பேரிடம்தான் பார்த்திருக்கிறார்கள் என்றால் பத்தில் ஒருவருக்கு வருகிற ஆபத்துகூடத் தப்பிப் போயிருக்கலாம். மனிதருக்கு முதன்முதலாகக் கொடுக்கும் முதல் கட்ட ஆய்வுக்கும் நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த பிறகு நடக்கும் மூன்றாம் கட்ட ஆய்வுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். முதல் கட்டம் எவ்வளவு கண்ணைக் கட்டிய பாதை என்பதற்கு 2006 மார்ச்சில் லண்டன் நார்த்விக் பார்க் ஆஸ்பத்திரி வளாகத்தில் நடந்தது சாட்சி. டிஜிஎன்1412 என்ற மருந்தை அங்கே முதன்முதலாக மனிதருக்குக் கொடுத்தார்கள். கொடுத்தது விலங்குகளிடம் பாதுகாப்பாக இருந்த அளவில் 500-இல் ஒரு பங்குதான். அதை ஊசி வழியாகப் பெற்ற ஆறு ஆரோக்கியமான இளைஞர்களும் ஒரு நாளுக்குள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். அன்று வெற்று மருந்து பெற்ற இருவருக்கு எதுவும் ஆகவில்லை.

அதனால் "எத்தனை பேர் இதுவரை சாப்பிட்டிருக்கிறார்கள்?" என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அந்த கீட்டோஅசிடோசிஸ் விஷயத்துக்குத் திரும்புகிறேன். அன்று எங்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது அதுதான். சோதிக்கும் மாத்திரை, ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் வகையைச் சேர்ந்தது. அந்த வகை மாத்திரைகள் ஏற்கெனவே கடைகளில் விற்கின்றன. அவற்றில் அரிதாக ஒரு ஆபத்து வருவது தெரிந்ததே. உடம்பு சர்க்கரைக்குப் பதிலாகக் கொழுப்பை எரித்து, ரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிடும். இதில் பொல்லாத விஷயம் என்னவென்றால் அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறியிருக்காது. விரலில் குத்திப் பார்த்தால் 180 காட்டும். சர்க்கரை நார்மல்தானே என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது, எழ முடியாத அசதி, இவைதான் அடையாளம். இவை வந்தால் சர்க்கரை எண்ணைப் பார்த்து ஏமாறாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும்.

இது எப்போது வர வாய்ப்பு அதிகம் என்று தாளில் ஒரு வரி இருந்தது. "நீடித்த உணவுத் தவிர்ப்பு, நீரிழப்பு, அறுவை சிகிச்சை ஆகியவை அபாயத்தை அதிகரிக்கலாம்." நான் வாசித்துக் காட்டினேன். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்புவதில்லை. "நீடித்த உணவுத் தவிர்ப்புன்னா உங்களுக்கு என்ன தோணுதும்மா?" என்று கேட்டேன். "பட்டினி கெடக்கிறது. எனக்கு எதுக்குத் தாயி பட்டினி? கடையில அவ்வளவு இட்லி இருக்கு" என்று சிரித்தார்.

"விரதம் ஏதாவது இருப்பீங்களா?"

"சஷ்டிக்கு இருப்பேன். ஆறு நாள். திருப்பரங்குன்றத்துல காப்புக் கட்டிக்கிட்டு."

அப்போது புரட்டாசி நடந்துகொண்டிருந்தது. கந்த சஷ்டி ஐப்பசியில். ஆய்வில் சேர்ந்தால் மாத்திரை தொடங்கிய ஐந்தாவது வாரத்தில் அவர் பாலும் பழமும் மட்டும் எடுத்துக்கொண்டு ஆறு நாள் கோவில் மண்டபத்தில் இருப்பார். தாளை எழுதியவர்களுக்குத் திருப்பரங்குன்றம் தெரியாது. அவருக்கு "நீடித்த உணவுத் தவிர்ப்பு" தெரியாது. இரண்டுக்கும் நடுவில் யாராவது உட்கார்ந்து கேட்காவிட்டால் அந்த வரி அச்சில் இருந்தும் பயனில்லை. நீங்களே வாசிக்கிறீர்கள் என்றால், ஆபத்துப் பக்கத்தின் ஒவ்வொரு வரியையும் உங்கள் ஒரு வருட வாழ்க்கையோடு வைத்துப் பாருங்கள். விரதம், நோன்பு, பாதயாத்திரை, வெயிலில் வேலை, கண் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கி வைத்திருப்பது, நாட்டு மருந்து எதுவாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

ஏதாவது ஆகிவிட்டால்? இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள் இதற்குப் பொருந்தும். ஆய்வின்போது பாதிப்பு வந்தால், அதற்கு ஆய்வு காரணம் இல்லை என்று உறுதியாகும் வரை மருத்துவச் செலவு உங்களுடையது இல்லை. பாதிப்புக்கு ஆய்வுதான் காரணம் என்று முடிவானால் தனியாக இழப்பீடும் உண்டு. இருக்கிற சிகிச்சையைத் தராமல் மருந்துப்போலி கொடுத்ததால் வந்த பாதிப்பும் இழப்பீட்டுக்கு உரியதுதான். ஒப்புதல் படிவத்தில் உங்கள் தொழில், ஆண்டு வருமானம், வாரிசுதாரர் பெயர் எல்லாம் கேட்பார்கள். வாரிசு பெயரைக் கேட்டதும் எத்தனையோ பேர் முகம் வெளுத்துப் பார்த்திருக்கிறேன். "செத்துப் போவோம்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்களா?" என்று ஒருவர் எழுந்தே போய்விட்டார். பாங்க் கணக்குக்கு நாமினி போடுவது போலத்தான் இதுவும், இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்பதற்காக. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் பதறுவதில்லை. "இழப்பீடு கேட்க மாட்டேன்" என்ற பொருளில் தாளில் எங்காவது வரி இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். அப்படி எழுதி வாங்கவே கூடாது.

பாதியில் நிற்கலாமா?

"எந்த நேரத்திலும், காரணம் கூறாமல் விலகலாம்" என்று எல்லாத் தாளிலும் இருக்கும். எல்லோரும் வாசிப்பார்கள், யாரும் நம்புவதில்லை. அந்த அம்மா கேட்டதும் அதைத்தான்: "நின்னா பெரிய டாக்டர் கோவிச்சுக்குவாருல்ல? அப்புறம் என்னைப் பாக்க மாட்டாரு." விலகினாலும் இதே ஆஸ்பத்திரியில் வழக்கமான சிகிச்சை எந்தக் குறையும் இல்லாமல் தொடரும் என்பது அந்த வரியின் பின்பாதி. வந்துபோன ஒவ்வொரு தடவைக்கும் வாங்கிய பஸ் காசும் உங்களுடையதுதான், திருப்பிக் கேட்க முடியாது. யாராவது போன் போட்டு "இன்னும் ரெண்டு விசிட்தானே, வந்துட்டுப் போங்க" என்று நெருக்கினால், தாளின் கடைசிப் பக்கத்தில், ஆய்வில் சேர்ந்தவர்களின் உரிமையைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவின் போன் எண் இருக்கும். அந்த எண் இருப்பதே இதற்காகத்தான். அந்தக் குழுவில் டாக்டர் அல்லாத சாதாரண ஆளும் சட்டம் தெரிந்தவரும் இருக்க வேண்டும் என்பது விதி.

விலகுவது என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று விஷயம் இருக்கிறது. மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டு, பரிசோதனைக்குத் தொடர்ந்து வரலாம். மாத்திரை, வருகை இரண்டையும் நிறுத்தலாம். அப்போது கடைசியாக ஒரு தடவை வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்வார்கள். அது உங்கள் பாதுகாப்புக்காக. ஆனால் கட்டாயம் இல்லை. மூன்றாவது, ஏற்கெனவே கொடுத்த விவரம். அதைத் திரும்ப வாங்க முடியாது. விலகும் நாள் வரை பதிவானவை பெயர் இல்லாமல் ஆய்வில் இருக்கும்.

இது அநியாயம் போலத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் யோசித்துப் பாருங்கள். மருந்து ஒத்துக்கொள்ளாமல் 20 பேர் விலகுகிறார்கள். அவர்களின் விவரத்தையும் அழித்துவிட்டால், மிஞ்சுவது ஒத்துக்கொண்டவர்கள் மட்டும். ஆய்வு முடிவில் அந்த மருந்துக்குத் தொந்தரவே இல்லை என்று வந்துவிடும். விலகியவர் விட்டுப்போகும் விவரம்தான் அடுத்து அதைச் சாப்பிடப் போகிறவரைக் காப்பாற்றுகிறது. எதிர்கால ஆராய்ச்சிக்காக எடுத்து வைக்கும் ரத்த மாதிரி மட்டும் வேறு. அதற்குத் தனியாக ஒரு கட்டம் இருக்கும். அதில் சம்மதம் தராமலேயே ஆய்வில் சேரலாமா, பின்னால் அழிக்கச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. விலகும்போது சொல்லிவிட்டு விலகுங்கள். காரணம் வேண்டாம், "இனி வரலை" என்ற ஒரு போன் போதும். சும்மா வராமல் இருந்துவிட்டால், நீங்கள் நலமாக இருக்கிறீர்களா, எங்காவது ஆஸ்பத்திரியில் கிடக்கிறீர்களா என்று தெரியாமல் நாங்கள் தேடிக்கொண்டிருப்போம்.

எல்லாம் சொல்லி முடித்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. இனி அவர் எனக்குச் சொல்ல வேண்டும். "வீட்டுல மக கேட்டா இது என்னன்னு சொல்லுவீங்க?" என்றேன். "மூணு பேருல ஒருத்தருக்கு வெத்து மாத்திரை. அது நானாவும் இருக்கலாம். டாக்டருக்கும் தெரியாது. பழைய மாத்திரைய விடக் கூடாது. வாந்தி வந்தா ஓடி வரணும், சுகர் கம்மியா இருந்தாலும். புடிக்கலைன்னா நின்னுக்கலாம்." எதையும் விடவில்லை. கையெழுத்து வாங்காமல் தாளைக் கொடுத்து அனுப்பினேன். அன்றே கையெழுத்து வேண்டும் என்று அவசரப்படுத்துகிறவரிடம் நானாக இருந்தால் போட மாட்டேன்.

மூன்றாம் நாள் வந்தார். தாளில் மகள் பென்சிலால் அங்கங்கே கோடு போட்டிருந்தாள். உணவுத் தவிர்ப்பு வரியைச் சுற்றி ஒரு வட்டம்.

"இந்தத் தடவ வேணாம் தாயி" என்றார். சஷ்டிக்காகவா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. பதிவேட்டில் "சேரவில்லை" என்று எழுதி, காரணம் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். அவர் எப்போதும் போல மெட்ஃபார்மின் சீட்டோடு பெரிய டாக்டர் அறை வரிசையில் போய் உட்கார்ந்தார்.